குறை சொல்லும்போது அந்த முதல் ஐந்து நிமிடம்

"சரி, இனிமே நான் எதையும் ஏத்துக்கல. நீயே பாத்துக்கோ."

போனில் என் அக்காவிடம் இப்படிச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. "இருக்கியா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "ம்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ரெண்டு தடவையும் கடைசி நேரத்துல மாத்திட்டே. உன்னை நம்பி ஒரு வேலையும் ஒப்படைக்க முடியலடா."

இரண்டே வாக்கியம். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன். அலுவலகத்தில் மேலாளர் சொன்னாலும், வீட்டில் துணை சொன்னாலும் குறைகளின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் நடந்த ஒரு விஷயம் வரும், அதன் முதுகில் ஏறிக்கொண்டு நம்மைப் பற்றிய ஒரு தீர்ப்பு வரும். நம் காதில் விழுவது தீர்ப்பு மட்டும்தான்.

நீங்கள் எந்தக் கட்சி?

குறை கேட்டதும் சிலர் பாய்வார்கள். "நான் மட்டும்தானா? போன மாசம் நீ மறந்தியே, அது?" என்று கணக்கைத் திருப்பி எடுப்பார்கள். சிலர் என்னைப்போல ஊமையாகிவிடுவார்கள். வாயாடுகிறவர் பதற்றப்படுகிறார், பேசாதவர் நிதானமாக இருக்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மை அப்படியில்லை.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு பணியாற்றிய ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பேசச் சொல்லி, பேசப்பேச இதயத் துடிப்பை அளந்தார்கள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்தவர்களுக்கும் உள்ளே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வதைச் சரியாக உள்வாங்குவதே கடினம் என்பது காட்மன் சொல்லும் அளவு. ஆக, பாய்வதும் உறைவதும் வேறு வேறு குணங்கள் இல்லை. ஒரே பதற்றம் இரண்டு வாசல் வழியாக வெளியே வருகிறது.

ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாதே. என் மௌனம் அக்காவுக்கு "உன் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை" என்றுதான் கேட்டிருக்கும். எனக்கோ தொண்டை அடைத்திருந்தது.

உங்களுக்குப் பதற்றம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ள நாடி பிடிக்க வேண்டாம். காது சூடாகும், தாடை இறுகும், வாய் உலரும். இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். நான் நம்பும் அடையாளம் வேறு: அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் உங்களிடம் பதில் தயாராகிவிட்டதா? தயாராகிவிட்டது என்றால் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். ஊமைக் கட்சிக்கு இதன் மறுபக்கம்: வார்த்தைகள் காதில் விழும், ஆனால் என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதலில் ஒரு சின்ன வாக்கியம்

இந்த நிலையில் "அமைதியாக இரு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதால் பயனில்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூன்று எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது போதும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பது உடலின் இயல்பு. இரண்டு மூச்சுக்கு இருபது விநாடிகூட ஆகாது. பெருமூச்சாகக் கேட்கும்படி மட்டும் விடாதீர்கள். அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த இருபது விநாடியை வெறும் நிசப்தமாக விட்டாலும் சிக்கல். அதனால் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் புதிதாக வாக்கியம் அமைக்க வராது, மனப்பாடம் ஆனதுதான் வரும். என்னுடையது: "கேட்டுட்டுதான் இருக்கேன். ஒரு நிமிஷம், யோசிச்சுட்டுச் சொல்றேன்." இதில் ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. இருக்கிறேன் என்று மட்டும் தெரிவிக்கிறது. பாய்கிற கட்சிக்கு இன்னும் சின்னது போதும்: "சரி, சொல்லு." சொல்லிவிட்டு உண்மையிலேயே அவரைச் சொல்லவிட வேண்டும், அதுதான் கஷ்டம்.

அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள்

நான்கு நாள் கழித்து நானே அக்காவைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியாக் கேக்கல. மறுபடியும் பேசலாமா?" என்றேன். பேசலாம் என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் அவளுக்குப் பழைய கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. எனக்கும் காது சூடேறியது. ஆக, இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் 1952-இல் வெளியான ஒரு கட்டுரையில் வாக்குவாதங்களுக்கு ஒரு விதியைச் சொன்னார். எதிராளி சொன்னதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஏற்கும்படி முதலில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் உங்கள் கருத்தைச் சொல்லலாம். சொல்வதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும் என்பதை அவரே அங்கே ஒப்புக்கொள்கிறார்.

நான் முயன்றது இப்படி: "ரெண்டு தடவை ஏத்துக்கிட்டு ரெண்டு தடவையும் வரல. அதனால அடுத்த தடவை என்கிட்ட கொடுக்கவே உனக்குப் பயமா இருக்கு. அதானே?"

"பயமெல்லாம் இல்ல. சலிப்பா இருக்கு," என்றாள்.

"சலிப்பா இருக்கு. சரி."

"ஆமா."

அந்த "ஆமா"வைக் கவனியுங்கள். நான் சொன்னதில் ஒரு சொல் தப்பு, அவள் திருத்தினாள், நான் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். முதல் முயற்சியிலேயே சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. தப்பாகச் சொன்னாலும் அவரைத் திருத்தவிட்டால் போதும். குரல் இறங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இங்கே ஒரு போலி இருக்கிறது. பாய்கிற கட்சிக்காரர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள்: "ஓஹோ, அதாவது நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொல்றே." கேட்பதற்குத் திருப்பிச் சொல்வதுபோல இருக்கும், ஆனால் அது தாக்குதல். அவர் சொன்னதைவிடப் பெரிதாக ஊதி, அவரையே பின்வாங்க வைக்கும் தந்திரம். அவர் சொன்னது இரண்டு நாளைப் பற்றி. நீங்கள் அதை ஆயுள் முழுமைக்கும் நீட்டிவிட்டீர்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வாக்கியத்தில் அவர் சொன்னதைவிடக் கடுமையான சொல் இருந்தால் அது போலி.

கிளிப்பிள்ளைபோல அவர் வார்த்தைகளை அச்சு மாறாமல் ஒப்பிப்பதும் வேலைக்கு ஆகாது. கேலி செய்கிறீர்கள் என்றே நினைப்பார்.

ஒரே ஒரு கேள்வி

அடுத்து, குறிப்பான ஒரு நிகழ்வைக் கேளுங்கள். "கடைசி நேரத்துல" என்பது என்னைப் பொறுத்தவரை முந்தின இரவு, அவளைப் பொறுத்தவரை வேறாக இருக்கலாம். நான் கேட்டது: "ரெண்டாவது தடவை மாத்தினப்போ உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லேன்."

பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியது. எனக்குக் காய்ச்சல். காலை எட்டு மணிக்கு அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அதுவரை எனக்குத் தெரிந்த கதை இதுதான். காய்ச்சல் வந்தவனைப் போய்க் குறை சொல்கிறாளே என்பதுதான் என் உள்ளக்குமுறல்.

அவள் சொன்ன கதை வேறு. எட்டு மணிக்கு அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைப் பார்த்தது எட்டரைக்கு. அதற்குள் அப்பா குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவள் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டு, அங்கிருந்து அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறாள். "உனக்குக் காய்ச்சல் முந்தின நாள் சாயங்காலமே இருந்துச்சுல்ல? அப்பவே சொல்லியிருந்தா நான் காலைல கிளம்பியே இருக்க மாட்டேன்."

ஆமாம், முந்தின நாள் மாலையே உடம்பு கொதித்தது. காலையில் சரியாகிவிடும் என்று நானே நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

பாருங்கள், நான் வராததில் அவளுக்குக் குறையே இல்லை. தாமதமாகச் சொன்னதில்தான் குறை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் "காய்ச்சல் வந்தா நான் என்ன பண்ண?" என்று சொல்லப்படாத ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

கேள்வி ஒன்று போதும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது கேள்வியில் அது குறுக்கு விசாரணை ஆகிவிடும். குரலும் முக்கியம். "எப்போ? ஒரு உதாரணம் சொல்லு பாப்போம்" என்பதும் கேள்விதான், ஆனால் அதில் சவால் இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் நீ தோற்றாய் என்கிறது. "கடைசியா நடந்ததைச் சொல்லேன்" என்றால் அவர் நினைவுகூர்வார், வாதாட மாட்டார்.

உண்மையான பகுதியை அளந்து ஒப்புக்கொள்ளுங்கள்

இப்போது உங்களிடம் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நடந்தது ஒன்று, தீர்ப்பு ஒன்று. நடந்ததில் உண்மையானதை மட்டும் பிரித்து எடுத்து, அளவாகச் சொல்லுங்கள். நான் சொன்னது: "முந்தின நாள் சாயங்காலமே சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

அங்கே நிறுத்த வேண்டும். முற்றுப்புள்ளி. இதை எழுதும்போது எளிதாகத் தெரிகிறது, போனில் அந்த முற்றுப்புள்ளிக்கு அப்புறம் வந்த மூன்று விநாடி எனக்கு மூன்று நிமிடமாக நீண்டது. "ஆனா" என்ற சொல் நாக்கு நுனியில் நிற்கும். "என் தப்புதான், ஆனா எனக்கு நூத்தி ரெண்டு டிகிரி..." என்று ஆரம்பித்தால் எதிராளி காதில் "ஆனா"வுக்குப் பிந்தையதுதான் நிற்கும். ஒப்புக்கொண்டது காற்றோடு போய்விடும்.

அப்படியென்றால் விளக்கமே சொல்லக்கூடாதா? சொல்லலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: "அன்னைக்கு என் பக்கம் என்ன நடந்துச்சுன்னு சொல்லட்டுமா?" அவர் ஒப்புக்கொண்டதும் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். அதே காய்ச்சல், அதே டிகிரி. அழைக்காமல் நுழைந்தால் சாக்கு, அழைத்தபின் வந்தால் தகவல்.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊமைக் கட்சிக்கு இது ரொம்பப் பிடித்த பள்ளம். "ஆமா, நான் எப்பவுமே இப்படித்தான். நான் ஒரு மோசமான பிள்ளை." கேட்பதற்குப் பணிவு. நடப்பது என்னவென்றால், குறை சொல்ல வந்தவர் தன் குறையைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் தேற்ற ஆரம்பிப்பார். "அய்யோ, அப்படியெல்லாம் சொல்லல..." விஷயம் அப்படியே தப்பித்துவிடும், அடுத்த மாதம் மறுபடி வரும். பேச்சின் முடிவில் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறீர்கள்.

ஏற்காததை ஏற்க வேண்டாம்

"உன்னை நம்பி ஒரு வேலையும் ஒப்படைக்க முடியல" என்ற தீர்ப்பு மிச்சம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அப்பாவின் மருந்துச் சீட்டு, வங்கி வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். இதைச் சொல்லாமல் விழுங்கினால் அது உள்ளே கிடந்து புளிக்கும், இன்னொரு நாள் வேறு சண்டையில் வெளியே வரும். தற்காத்துக்கொள்ளாமல் இருப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பொருள் இல்லை.

வரிசைதான் முக்கியம். ஒப்புக்கொண்ட பிறகு மறுத்தால் காது கொடுக்கிறார்கள். "நேரத்துக்குச் சொல்லாதது என் தப்பு, அதை ஒத்துக்கறேன். ஒரு வேலையும் ஒப்படைக்க முடியலங்கறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. பேங்க் வேலையில நான் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது சரி. கோவத்துல சொல்லிட்டேன்," என்றாள். எல்லோரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

அவர் செய்த தப்பு ஒன்று உங்கள் ஞாபகத்துக்கு வரும். கட்டாயம் வரும். அது நியாயமான புகாராகவே இருக்கலாம். அதை இதே பேச்சில் எடுக்காதீர்கள். இரண்டு புகார் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டுமே தீராது, யாருடையது பெரியது என்ற போட்டிதான் நடக்கும். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்து இரண்டு நாள் கழித்து எடுங்கள். எனக்கு அப்படிக் குறித்ததில் பாதி, இரண்டு நாளில் சப்பென்று ஆகிவிடுகிறது.

முடியவில்லை என்றால் எழுந்து போங்கள், நேரம் சொல்லிவிட்டு

மூச்சும் உதவவில்லை, வார்த்தையும் வரவில்லை என்றால் பேச்சை நிறுத்துவதே நல்லது. எவ்வளவு நேரம்? காட்மன் சொல்லும் குறைந்தபட்சம் 20 நிமிடம். பதற்றத்தில் ரத்தத்தில் ஏறிய ஹார்மோன்கள் இறங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். ஐந்து நிமிடத்தில் "நான் ஓகே" என்று திரும்பினால் அதே வேகத்தில் மறுபடி ஏறும்.

எழுந்து போவதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாக்கியம்தான்: "இப்ப எனக்குப் படபடன்னு இருக்கு, சரியாப் பேச வராது. அரை மணி கழிச்சு நானே வரேன்." காரணம், நேரம், யார் திரும்ப வருவார் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. சொன்ன நேரத்துக்கு நீங்களே போக வேண்டும். அவர் மறுபடி கூப்பிடும்வரை காத்திருந்தால் அது மௌனத்தின் நாகரிகமான வடிவம்தான். நான் எடுத்துக்கொண்ட நான்கு நாள் அப்படிப்பட்டதே. ஒரு நேரமும் சொல்லாமல் அவளை நான்கு நாள் தொங்கவிட்டேன்.

அந்த 20 நிமிடத்தில் நடங்கள், பாத்திரம் கழுவுங்கள், துணி மடியுங்கள். உட்கார்ந்துகொண்டு "அவ இப்படிச் சொன்னா நான் அப்படிச் சொல்லணும்" என்று ஒத்திகை பார்த்தால் நேரம் ஓடும், துடிப்பு இறங்காது.

எங்கே இது செல்லாது

திட்டுவது, மிரட்டுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது ஆகியவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே திருப்பிச் சொல்லவும் கேள்வி கேட்கவும் ஒன்றுமில்லை. "இந்தத் தொனியில பேசினா நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறலாம். குறிப்பான நிகழ்வைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் வசவு மட்டும் கூடினால், அது குறை இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம் மறுப்புச் சொல்வது வேலைக்கு ஆபத்தாகலாம். அங்கே திருப்பிச் சொல்வதையும் கேள்வியையும் செய்துவிட்டு, "நாளைக்கு யோசிச்சுட்டு வந்து பேசறேன் சார்" என்று நிறுத்திக்கொள்வேன். மறுக்க வேண்டியதை மறுநாள் நிதானமாகத் தனியே சொல்லலாம்.

குறை வாட்ஸாப்பில் வந்தால் அங்கேயே பதில் எழுதாதீர்கள். எழுத்தில் குரல் இல்லை, நீங்கள் எழுதி அழிப்பதை மட்டும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். "படிச்சேன். சாயங்காலம் கூப்பிடறேன்" போதும்.

அன்றைக்கு அக்காவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "இனிமே முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, வரேன், வரலன்னு எதுவா இருந்தாலும் உனக்குப் போன் பண்றேன்." மூன்றாவது முறை ஐந்தே முக்காலுக்கே கூப்பிட்டுவிட்டேன். "இன்னும் ஆறு ஆகலையே," என்றாள்.